வாரத்துக்கு எத்தனை போடலாம்?

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. ஸ்கார்பரோவில் எங்கட தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடத்தில் ஹீட்டிங் பழுது. அன்றைக்கு மட்டும் இரண்டு தெரு தள்ளி இன்னொரு மண்டபத்தில் வகுப்பு என்று முடிவாகி, வியாழக்கிழமை இரவே இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அறிவித்தாயிற்று. அறிவித்தவன் நான்தான். சனி காலை ஒன்பதரைக்குப் பழைய கட்டடத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் பதினொரு குடும்பம். பூச்சியத்துக்குக் கீழே 4 பாகை. பேரப்பிள்ளையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு அம்மப்பாவிடம் போனும் இல்லை. அரை மணித்தியாலம் நின்றிருக்கிறார்.

"பேஜில போட்டனாங்கள் அக்கா, பாக்கேல்லையா?" என்று ஒரு தாயிடம் கேட்டேன். என் குரலில் கொஞ்சம் குற்றம் சாட்டும் தொனி இருந்திருக்க வேண்டும். அவர் தயங்காமல் சொன்னார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுறன், கோவிக்காதையுங்கோ. நான் உங்கட பேஜை அக்டோபரிலயே மியூட் பண்ணிப்போட்டன். காலமை எழும்பினா ஒரு சொல், பின்னேரம் ஒரு குறள். என்னால ஏலேல்ல."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் மியூட் பண்ணியவர்கள்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களில் பலர் இப்படி ஒரு சின்னப் பக்கத்தைக் கையில் வைத்திருப்பீர்கள். பிள்ளையின் பரதநாட்டிய வகுப்பு, கோயிலின் இளையோர் குழு, ஊர்ச் சங்கம், வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் மனைவியின் பக்கம், இப்படி ஏதோ ஒன்று. எத்தனை தரம் போட்டால் ஆட்கள் சலித்துப்போவார்கள் என்பதை நான் பிழையாகச் செய்துதான் படித்தேன். அந்தக் கதை இது.

செப்டம்பரில் பக்கம் என் கைக்கு வந்தபோது 384 ஃபாலோவர்கள். அதுவரை பார்த்துவந்த ஆசிரியை அக்கா வாரத்துக்கு ஒன்று போடுவார், சில வாரம் அதுவும் இல்லை. நான் சாஃப்ட்வேர் ஆள். கையில் ஒரு வேலை கிடைத்தால் அதைத் தானாக ஓட வைக்காவிட்டால் நித்திரை வராது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் சொற்களையும் குறள்களையும் நிரப்பி, காலை ஏழு மணிக்கு 'இன்றைய சொல்', மாலை ஆறு மணிக்கு ஒரு குறள் என்று அக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் அட்டவணை போட்டுவிட்டேன். நாளுக்கு இரண்டு, வாரத்துக்குப் பதினாலு.

மாத முடிவில் எண்களைப் பார்த்து எனக்கே பெருமை. பக்கத்தின் மொத்தப் பார்வைகள் ஆறு மடங்குக்குக் கிட்டக் கூடியிருந்தன. விலகிப் போனவர்கள் ஆறே ஆறு பேர், புதிதாகச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு. நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். ஆசிரியர்கள் கைதட்டும் ஸ்டிக்கர் அனுப்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, அதே எண்களைத் திரும்பத் திறந்தேன். இந்த முறை மொத்தத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பதிவாகத் திறந்து, அது எத்தனை தனித்தனி ஆட்களின் கண்ணுக்குப் போனது, அதில் ஃபாலோவர்கள் எத்தனை என்று எடுத்து எழுதினேன். பக்கம் தனிப்பட்ட கணக்காக இல்லாமல் தொழில்முறைக் கணக்காக இருந்தால் ஒவ்வொரு பதிவின் கீழும் View insights என்று இருக்கும், அதற்குள் இந்த விவரம் வரும். ஃபாலோவர்களை மட்டும் எண்ணுவது முக்கியம். பிள்ளைகள் ஆடிய ஒரு வீடியோ தற்செயலாக முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குப் போகலாம். அந்த ஆயிரம் பேரும் சனிக்கிழமை எங்கட கதவுக்கு வரப்போவதில்லை.

ஒரு சிக்கல், பிள்ளைகளின் படம் போட்டால் எப்போதும் கூடுதலான பேர் பார்ப்பார்கள். அதனால் இரண்டு பக்கத்திலும் படங்களைக் கழித்துவிட்டு, எழுத்து அட்டைகளையும் அறிவிப்புகளையும் மட்டும் எடுத்தேன். அக்கா காலத்தில் ஒன்பது, என் காலத்தில் ஒன்பது. சராசரி எடுக்கவில்லை, ஏனென்றால் ஒரு பதிவு எகிறினால் சராசரி பொய் சொல்லும். ஒன்பதையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் வரும் ஐந்தாவது எண்ணை எடுத்தேன்.

அக்கா காலத்து நடு எண் 212. என்னுடையது 88.

அதாவது முன்பு ஒரு அறிவிப்புப் போட்டால் பாதிக்கு மேற்பட்டோர் கண்டார்கள். இப்போது காலே அரைக்கால் பங்குகூட இல்லை, காலுக்கும் குறைவு. பதினாலு தரம் 88 பேர் பார்த்தால் கூட்டுத்தொகை 1,232. ஒரு தரம் 212 பேர் பார்ப்பதைவிட அது ஆறு மடங்குக்குக் கிட்டத்தான். நான் குழுவுக்குப் போட்ட ஸ்க்ரீன்ஷாட் பொய்யில்லை, ஆனால் அது சொன்னது நான் எவ்வளவு சத்தம் போட்டேன் என்பதைத்தான். மண்டபம் மாறிய அறிவிப்பு போனது அந்த 88க்குக் கிட்டத்தான்.

ஆறு பேர்தானே விலகினார்கள், பிறகு எங்கே போனார்கள் மற்றவர்கள்? இங்கேதான் சின்னப் பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் வித்தியாசம். ஒரு நடிகரின் பக்கம் அலுத்தால் அன்ஃபாலோ பண்ணிவிட்டுப் போய்விடுவோம், அவருக்கு நம்மைத் தெரியாது. தமிழ் வகுப்புப் பக்கத்தை அன்ஃபாலோ பண்ணினால் அடுத்த சனிக்கிழமை அதே ஆசிரியரின் முகத்தில் முழிக்க வேண்டும். ஆகவே யாரும் விலகுவதில்லை, மியூட் பண்ணுகிறார்கள். மியூட் பண்ணினால் பக்கத்தை நடத்துபவருக்கு அறிவிப்பு வராது, ஃபாலோவர் எண்ணிக்கையிலும் ஒன்றும் குறையாது. எல்லாரும் எல்லாரையும் தெரிந்த ஒரு சமூகத்தில் விலகியவர் எண்ணிக்கையை வைத்துச் சலிப்பை அளப்பது, விருந்துக்கு வந்தவர் சாப்பாட்டைத் திட்டவில்லை என்பதால் நன்றாய்ச் சமைத்தேன் என்று நினைப்பது மாதிரி.

ஆனாலும் எல்லாப் பழியையும் மியூட்டின் மேல் போடக் கூடாது என்று என் மூளையின் ஒரு மூலை சொன்னது. 2016 தொடக்கம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை, யாருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்துத்தான் அடுக்குகிறது. ஒரே ஆளின் பதிவுகள் அடுத்தடுத்து நிறைய வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அதன் தலைவர் ஆடம் மொசெரியே 2021ல் எழுதியிருக்கிறார். நாள் முழுக்கப் பத்து நிமிடம் மட்டும் போனைத் திறக்கும் ஒரு தாய்க்கு என் இரண்டு பதிவில் ஒன்றுதான் தெரிந்திருக்கும். அப்படியென்றால் அவர் சலிக்கவே இல்லை, என் பதிவுகளே ஒன்றின் இடத்தை ஒன்று பிடித்துக்கொண்டன. பார்க்கும் எண் இரண்டு வழியிலும் ஒரே மாதிரித்தான் குறையும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியாது.

பிரிக்க ஒரு லேசான வழி இருக்கிறது: நிறுத்துவது. பத்து நாள் ஒன்றும் போடாமல் இருந்துவிட்டு, பழையபடி ஒரு சாதாரணச் சொல் அட்டையைப் போட வேண்டும். படமும் கூடாது, விசேஷ அறிவிப்பும் கூடாது. பதிவுகள் ஒன்றையொன்று விழுங்கியதுதான் காரணம் என்றால் எண் 212க்குத் திரும்பும். ஆட்கள் நம்மை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்றால் 88ஐ ஒட்டியே நிற்கும்.

நவம்பர் கடைசியில் அட்டவணையை நிறுத்தினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அறுபது சொல் மிச்சம் கிடந்தது. பத்து நாள் கழித்து ஒரு வியாழன் இரவு எட்டு மணிக்கு ஒரு அட்டை போட்டு, இரண்டு நாள் விட்டு எண்ணைப் பார்த்தேன். 147. ஒன்றை நம்பக் கூடாது என்பதால் அதே கிழமை, அதே நேரத்தில், ஒரு வார இடைவெளியில் இன்னும் இரண்டு. 141, 152.

கணக்கு இப்படி. 212லிருந்து 88க்கு விழுந்தபோது இழந்தது 124 பேர். நிறுத்தியதும் திரும்பி வந்தவர்கள் 59 பேர், அவர்கள் சலித்தவர்கள் இல்லை, என் பதிவு நெரிசலில் தவறவிட்டவர்கள். மீதி 65 பேர் வரவே இல்லை. அந்த 65ஐ ஒருவர் பிழையில்லாத எண்ணாக எடுக்க வேண்டாம். டிசம்பரில் ஆட்கள் ஊருக்குப் போவார்கள், போனை வேறு விதமாகப் பாவிப்பார்கள், பத்துப் பதினைந்து இப்படி அப்படி இருக்கலாம். ஆனால் ஏதோ பெரிய ஒரு துண்டு நிரந்தரமாகப் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதில் நான் எதிர்பாராதது அந்த 'நிரந்தரமாக' என்ற சொல்தான். கூடப் போட்டது பிழை என்றால் குறைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மியூட் அப்படி வேலை செய்யாது. அதைப் போட்டவர் தானே போய் எடுக்கும்வரை கிடக்கும். நான் வாரத்துக்கு ஒன்று என்று அடங்கிவிட்டேன் என்ற செய்தியே அவருக்குப் போகாது, ஏனென்றால் அந்தச் செய்தியையும் சேர்த்துத்தான் அவர் மியூட் பண்ணியிருக்கிறார்! மேலே ஏறுவது லேசு, இறங்கி வர வழியில்லை. ஆகவே புதிதாக ஒரு பக்கத்தைக் கையில் எடுப்பவர் குறைவாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டிப் பார்க்க வேண்டும். நான் செய்தது நேர் எதிர்.

அடுத்த சனி வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோரில் இருபத்திநாலு பேரிடம் நேரிலேயே கேட்டேன். "கோவிக்க மாட்டன், எங்கட பேஜைத் திறந்து Following எண்டதை அமத்திப் பாருங்கோ, உள்ளுக்கு Mute எண்டு ஒண்டு இருக்கும், அது போட்டுக் கிடக்கோ?" ஏழு பேருக்குக் கிடந்தது. இரண்டு பேருக்குத் தாங்கள் அதைப் போட்டதே ஞாபகம் இல்லை. ஒரு அப்பா, "நான் பத்து நாளைக்கு எண்டு நினைச்சுத்தான் போட்டனான்" என்றார்.

ஜனவரியில் திரும்பத் தொடங்கினேன், இந்த முறை படியேறுவது மாதிரி. முதல் நாலு வாரம் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாலு வாரம் இரண்டு, பிறகு மூன்று, பிறகு நாலு. ஒவ்வொரு படியிலும் நாலு வாரம் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. நானூறு பேர் இல்லாத பக்கத்தில் ஒரு பதிவின் எண் காரணமே இல்லாமல் இருபது மேலே போகும், இருபது கீழே வரும். வெள்ளி இரவு பனி கொட்டினால் எல்லாரும் வீட்டில், எண் கூடும். ஒரு வாரத்தை வைத்து முடிவெடுத்தால் காலநிலையை அளந்ததாகத்தான் முடியும்.

வாரத்துக்கு ஒன்றில் நடு எண் 155. இரண்டில் 158, அதாவது வித்தியாசம் இல்லை. மூன்றில் 151, அதையும் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். நாலில் 126. இரண்டாம் வாரத்திலேயே இறக்கம் தெரிந்தது, ஆனாலும் மூன்றாம் வாரம்வரை பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். இன்னும் ஆட்களை மியூட் பக்கம் தள்ளி அறிவை வளர்க்க எனக்கு விருப்பமில்லை.

நாலில் ஏன் உடைந்தது? எண்ணிக்கைதான் காரணம் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அந்த மூன்று வாரத்து நாலாவது பதிவுகளைத் திரும்பப் பார்த்தேன். ஒன்று 'இனிய வெள்ளி'. இன்னொன்று பூ. மற்றது பழைய விழாப் படத்தில் ஒரு குறள். எங்கள் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு விசயம்தான் உண்மையில் நடக்கிறது, நல்ல வாரம் என்றால் மூன்று. நாலாவதுக்கு நான் தேடிப் போக வேண்டியிருந்தது, தேடிப் போய் எடுத்தது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. நாலும் நாலு நல்ல செய்தியாக இருந்திருந்தால் தாங்கியிருக்குமோ என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

மொசெரி அதே 2021ல் வாரத்துக்கு இரண்டு பதிவு, நாளுக்கு இரண்டு ஸ்டோரி என்று ஒரு கணக்குச் சொன்னார். அது ஃபாலோவரைக் கூட்டி வளர நினைக்கும் பக்கங்களுக்கு. கேக் விற்கும் பக்கம் அதைப் பரீட்சித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அதற்குப் புதிய ஆட்கள் வேண்டும், பழையவர் நாலு பேர் மியூட் பண்ணினாலும் நட்டமில்லை. எங்களுக்கு வேண்டியது அதே இருநூறு குடும்பத்தின் கண். பதிவு இரண்டு என்ற இடத்தில் மட்டும் தற்செயலாக ஒத்துப்போய்விட்டோம்.

ஸ்டோரியைப் பற்றியும் ஒன்று. அதில் சலிப்பு அதே நாளிலேயே தெரியும். பொங்கல் விழாவன்று ஆறு ஸ்டோரி தொடர்ச்சியாகப் போட்டேன். முதலாவதை 140 பேர் பார்த்தார்கள், மூன்றாவதை 121, ஆறாவதை 73. நாலாவதில்தான் பெரிய சரிவு. அதிலிருந்து ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போடுவதில்லை. விழாப் படங்கள் பத்து இருந்தால் பத்தையும் ஒரே பதிவுக்குள் அடுக்கிவிடுகிறேன், தள்ளிப் பார்க்க விரும்புகிறவர் தள்ளிப் பார்க்கட்டும். (ஸ்டோரியை யார் யார் பார்த்தார்கள் என்று பெயரோடேயே வரும். அந்தப் பட்டியலில் யார் இல்லை என்று தேடும் பழக்கம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. என் மனைவி கண்டுபிடித்துத் திட்டி நிறுத்தினார்.)

இப்போதைய ஏற்பாடு வாரத்துக்கு இரண்டு. வியாழன் இரவு எட்டுக்கு அந்தச் சனிக்கான அறிவிப்பு, ஞாயிறு பின்னேரம் வகுப்பில் நடந்த ஏதாவது ஒன்றின் படம். சொல்ல ஒன்றும் இல்லாத வாரம் ஒன்றோடு நிற்கும். மூன்று தாங்கும் என்று எண்கள் சொன்ன பிறகும் ஏன் இரண்டில் நிற்கிறாய் என்று குழுவில் ஒரு அண்ணா கேட்டார். மூன்றாவதை விழா மாதத்துக்காக மிச்சம் வைத்திருக்கிறேன் என்றேன். அறுபது சொல்லும் இப்போது வகுப்பறைச் சுவரில் அட்டைகளாக ஒட்டியிருக்கின்றன, அங்கே அவற்றை மியூட் பண்ண முடியாது.

இன்னொன்றையும் மாற்றினோம், உண்மையில் முதலில் மாற்றியிருக்க வேண்டியது அதைத்தான். மண்டப மாற்றம், பனிக்காக வகுப்பு ரத்து போன்றவை இனிப் பக்கத்தை நம்பிப் போவதில்லை. நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய ஒரு வாட்ஸ்அப் குழுவில் போகும், வாட்ஸ்அப் இல்லாத ஆறு வீட்டுக்கு ஒரு ஆசிரியை தொலைபேசி எடுப்பார். எவ்வளவு அளவாகப் போட்டாலும் 384ல் 212தான் எங்கள் நல்ல காலத்து எண் என்பதை மறந்துவிட்டேன். நான் வருவதற்கு முன்னும் நூற்றெழுபது பேர் பார்க்கத்தான் இல்லை. அந்த அம்மப்பாவிடம் இன்ஸ்டாகிராமே கிடையாது. இப்போது அவர் வீடு அந்த ஆறில் ஒன்று.

மியூட் போட்ட ஏழு பேரில் ஐந்து பேர் அன்றைக்கே என் முன்னாலேயே அதை எடுத்துவிட்டார்கள். கதவடியில் என்னிடம் உண்மை சொன்ன அக்கா பதிவுக்கு மட்டும் எடுத்தார். ஸ்டோரிக்கு? "அது கிடக்கட்டும் தம்பி, நீங்கள் இன்னும் ஆறு மாசம் ஒழுங்கா இருங்கோ, பிறகு பாப்பம்."